ஆயிரம் இலை அன்னதானம்: எங்கே இடறும், எப்படிச் சரிசெய்வது

கும்பாபிஷேகம், தேர், ஆடி வெள்ளி என்று கோயிலில் மதியச் சாப்பாடு போடுகிறவர்களுக்கான குறிப்பு இது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கண்ணில் படும் கோளாறிலிருந்து தொடங்கி, அதன் காரணத்துக்குப் போய், அப்போதைக்கு என்ன செய்யலாம், அடுத்த முறை எதை மாற்றலாம் என்று சொல்லிப் போகிறேன். பேசுவதற்கு வசதியாக ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கும் ஊர்க் கோயில். ஒரே நேரத்தில் 200 இலை போடக்கூடிய பந்தல். இலையில் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பொரியல், ரசம், மோர், அப்பளம், பாயசம். பகல் 12 மணிக்கு முதல் பந்தி.

உட்காருவது, பரிமாறுவது, சாப்பிடுவது, இலை எடுப்பது, துடைப்பது எல்லாம் சேர்த்து ஒரு பந்திக்கு 40 நிமிடம் ஆகும். ஐந்து பந்தி என்றால் 3.20க்கு முடியும். அரிசியில் கிலோவுக்கு எட்டுப் பேர் என்பது இலைச் சாப்பாட்டுக்கு நம்பத்தகுந்த கணக்கு. பத்துப் பேர் என்று சொல்லும் சமையல்காரர்களும் உண்டு. டிபன் வகைகள் நிறைய இருக்கும் கல்யாணப் பந்திக்கு அது சரி, காலையிலிருந்து காய்ந்து கிடக்கும் கோயில் கூட்டத்துக்குப் போதாது. எட்டு என்று வைத்தால் 25 கிலோ சிப்பம் ஒன்று 200 பேருக்கு வரும். அதாவது ஒரு சிப்பம், ஒரு அண்டா, ஒரு பந்தி. கணக்கு இப்படி நேராக விழுவதால்தான் இந்த உதாரணத்தை எடுத்தேன். உங்கள் பந்தலில் 120 இலைதான் போட முடியும் என்றால் அண்டாவுக்கு 15 கிலோ என்று குறைத்துக்கொள்ளுங்கள். பந்தியும் அண்டாவும் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால், எது எவ்வளவு போயிற்று என்று யாரும் நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை.

முதல் பந்தி எழுவதற்குள் இரண்டாவது அண்டாவில் கை வைத்தாயிற்று

எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் அறிகுறி இதுதான். நேரத்தில் கவனித்தால் சுலபமாகச் சமாளிக்கலாம். சோறு தீர்ந்த பிறகு கவனித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் என்றால், புழுங்கல் அரிசி ஒரு சிப்பத்தை வேக வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். உலை ஏற்கெனவே தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால், ஊறின அரிசியைப் போட்டதும் கொதி அடங்கி மறுபடி எழ பத்து நிமிடம், வேக இருபது இருபத்தைந்து நிமிடம், கஞ்சி வடிய பத்து நிமிடம். ஆகமொத்தம் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு பந்தி நேரம். உலை கொதிக்கவில்லை என்றால், அண்டா நிறைய நூறு லிட்டர் தண்ணீர் சூடேற இன்னும் முக்கால் மணி நேரம் கூடும். ஆகவே, இந்தப் பந்தியில் தெரிகிற குறையை இந்தப் பந்தியிலேயே தீர்க்க முடியாது. அடுத்த பந்திக்குத்தான் தீர்க்க முடியும், அதுவும் உலை கொதித்துக்கொண்டிருந்தால்.

அதனால் ஒரு பந்தி உட்காரும் நேரத்தில் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: பரிமாறுவதற்கு ஒரு அண்டா, தொடாமல் வடித்து மூடி வைத்த இன்னொரு அண்டா, கொதிக்கிற ஒரு உலை. பந்தி உட்கார்ந்ததும் அந்த உலையில் அரிசியைப் போட்டுவிட வேண்டும். சோற்றுக்கென்றே மூன்று அடுப்பு ஒதுக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு அடுப்பில் செய்தால் மூன்றாம் பந்தி வரை ஓடும், நான்காவதில் இடைவெளி விழும். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பை இன்றும் அணையாமல் வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் வேறு என்றாலும், பந்தி முடியும்வரை ஒரு உலையாவது அணையக் கூடாது என்பது நமக்கும் பொருந்தும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் பந்தி முடிந்தபோது முதல் அண்டா காலி, இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அப்படியானால் 200 இலைக்கு 30 கிலோ அரிசியின் சோறு போயிருக்கிறது. கிலோவுக்கு எட்டுப் பேர் என்று நினைத்தது ஆறே முக்காலாக விழுந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் ஐந்து பந்திக்கு 150 கிலோ வேண்டும், நாம் திட்டமிட்டது 125. நான்காம் பந்தி எழும்போது மிச்சம் 5 கிலோவின் சோறுதான் இருக்கும், ஐந்தாம் பந்தி இலையில் உட்கார்ந்திருக்கும். ஆறாவது அண்டாவை ஏற்ற வேண்டும், அதற்குக் கடைசி நேரம் நான்காம் பந்தி உட்காரும் 2 மணி. அதற்கு மேல் யோசித்துப் பயனில்லை.

ஆனால் முதல் பந்தியை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம். முதலில் உட்காருகிறவர்கள் யார்? விடியற்காலையிலிருந்து தீர்த்தக் குடம் தூக்கியவர்கள், பந்தல்காரர்கள், விரதம் இருந்தவர்கள். அவர்கள் நன்றாகத்தான் சாப்பிடுவார்கள். இரண்டு, மூன்றாம் பந்தியில் குழந்தைகளும் வயதானவர்களும் வந்தால் கணக்கு ஒன்பது பேர் வரைகூட ஏறும். நான் பார்த்த வரையில் இரண்டாம் பந்தியின் கணக்குத்தான் உண்மைக்குக் கிட்ட இருக்கும். அது முடியும்போது 1.20. முடிவெடுக்க இன்னும் நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு எண் வேண்டும், அது போட்ட இலைகளின் எண்ணிக்கை. தலைகளை எண்ணாதீர்கள், ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். இலையை ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்து, கட்டு பிரிக்கிறவரே சமையல் கொட்டகைக்குச் சொல்லி அனுப்பட்டும். கிழிந்த இலைக்கும் பின்னால் உண்ணும் பரிமாறுபவர்களுக்கும் சேர்த்து நூறு இலை கூடுதலாக வாங்குங்கள். அரிசியிலும் இரண்டு சிப்பம் கூடுதலாக வாங்கித் தையல் பிரிக்காமல் தனியே வையுங்கள். பிரிக்காத சிப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் முன்பே பேசிக்கொண்டால் நஷ்டமும் இல்லை.

பார்சல் கேட்டு வருகிறவர்களை மறந்துவிடாதீர்கள். வாசலில் ஒரு பாத்திரத்தில் கொடுக்க ஆரம்பித்தால் அது இலைக் கணக்கில் வராது, சோறு மட்டும் கரையும். பார்சல் கடைசிப் பந்திக்கு அப்புறம்தான் என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிடுவது மேல். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு என்று கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்துவிட்டு ஒரு இலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோறு இருக்கிறது, சாம்பார் இல்லை

இது பெரும்பாலும் கரண்டிக் கோளாறு. ஆளுக்குச் சராசரி 200 மில்லி என்று வைத்து 200 லிட்டர் சாம்பார் வைத்திருப்பீர்கள். நூறு பேருக்கு மூன்று கிலோ துவரம்பருப்பு வீதம் 30 கிலோ பருப்பும் போட்டிருப்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்த கரண்டி 150 மில்லி பிடிக்கும். பரிமாறும் பையன் இரண்டு கரண்டி ஊற்றுகிறான். ஆளுக்கு 300 மில்லி போகிறது. 200 லிட்டர் 666 பேரோடு முடிந்துவிடும், அதாவது நான்காம் பந்தி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில். சமையல் மாஸ்டர் அளவைக் குறைத்துவிட்டார் என்று பழி அவர் தலையில் விழும்.

பாத்திரங்கள் வந்து இறங்கியதும் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கரண்டியால் மொண்டு எண்ணிப் பாருங்கள். ஏழு கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வந்தால் அது 150 மில்லிக் கரண்டி. அப்போது முதல் சுற்றில் ஒரு கரண்டி, கேட்டவர்களுக்கு மறு கரண்டி என்று பரிமாறுபவர்களிடம் சொல்லிவிடலாம். பாயசத்துக்கும் இதே சோதனை செய்யுங்கள். பாயசம் தீர்ந்தால் வரும் மனத்தாங்கல் சாம்பாருக்கு வருவதைவிடப் பெரிது.

நடுவில் குறை தெரிந்தால், பச்சைத் தண்ணீரை ஊற்றி நீட்டுவதுதான் எல்லோரும் செய்வது. சுவையும் போகும், சூடும் போகும். அதற்குப் பதிலாக, முதலிலேயே வேக வைத்த பருப்பில் நாலில் ஒரு பங்கைத் தாளிக்காமல் தனியாக எடுத்து, அடுப்பின் ஓரத்தில் சூடாகவே வைத்திருங்கள். தேவைப்படும்போது கொதிநீர், கரைத்த புளி, சாம்பார்ப் பொடி, உப்பு சேர்த்துக் கொதிக்க விட்டுத் தாளித்தால் கால் மணி நேரத்தில் புதுச் சாம்பார். காய் கொஞ்சம்தான் இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேவைப்படவில்லை என்றால் அதே பருப்பு கடைசிப் பந்தி ரசத்துக்குப் போகும்.

சோறு குழைகிறது, அல்லது மேலே விதையாக நிற்கிறது

இரண்டுக்கும் ஒரே காரணம்தான், ஒரே அண்டாவில் அதிகமாகப் போட்டது. 50 கிலோவை ஒரே பாத்திரத்தில் போட்டால் அடியில் இருப்பது மேல் பாரத்தில் நசுங்கிக் குழையும், மேலே இருப்பது வேகாது. 25 கிலோவுக்கு மேல் ஒரு அண்டாவில் வேண்டாம். அப்புறம், எப்போது வடிப்பது என்பது முக்கியம். வீட்டில் முழுதும் வெந்ததும் வடிப்போம். இங்கே ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை தெரிய வேண்டும், அப்போதே வடித்துவிட வேண்டும். அவ்வளவு சோறு குவிந்திருக்கும் சூட்டில் அது தானே வெந்துவிடும். புதுக்கூடையில் வெள்ளைத் துணி விரித்து வடிக்கும்போது, ஆவி போகக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுத்தான் மூட வேண்டும்.

விதையாக நின்றுவிட்டால், கொதிநீரைக் கையால் தெளித்து, ஈரத்துணி போட்டு, இலையால் மூடி, தணலின் மேல் பத்து நிமிடம் வைத்தால் சரியாகும். குழைந்துவிட்டால் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். அந்த அண்டாவைத் தனியே ஒதுக்கி, சூடாக இருக்கும்போதே சாம்பார் சாதமாகக் கிளறிவிடலாம். அதற்கு மேலே சொன்ன தனிப் பருப்பு கைகொடுக்கும். வெள்ளைச் சோற்றோடு கலந்து பரிமாறினால் இரண்டும் கெடும்.

கூட்டில் ஒரு வாடை, சாம்பாரில் நுரை

இது மட்டும் ‘சமாளிப்போம்’ என்று பேசக்கூடாத இடம். காரணம் சமையல் வரிசையில் இருக்கிறது. இரவெல்லாம் விழித்து விடியற்காலை நான்கு மணிக்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தட்டுப் போட்டு மூடி வைத்து, குடமுழுக்குப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கடைசிப் பந்தி சாப்பிடும்போது அது பதினோரு மணி நேரச் சமையல். தேங்காயும் பருப்பும் சேர்ந்த கூட்டு, மே மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள் மூடி இருந்தால் புளிக்கத்தான் செய்யும்.

வாடை வந்துவிட்டதா, கீழே ஊற்றிவிடுங்கள். மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி வெளியிடும் நஞ்சு கொதிக்கிற சூட்டிலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். வாடை வராமலேயே அந்த நஞ்சு இருக்கவும் கூடும் என்பதால், மூக்கை நம்புவதைவிடக் கடிகாரத்தை நம்பலாம். சூடாகப் பரிமாறும் எதுவும் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். கரண்டியால் அடியோடு கிளறும்போது ஆவி நன்றாகக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் அடுப்பில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைப் பந்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வரிசையை மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். கெடாததை முதலில், கெடுவதைக் கடைசியில் சமைக்க வேண்டும். அப்பளத்தைக் காலையிலேயே பொரித்து ஆற வைத்துத் தகர டின்னில் மூடிவிடலாம். காய் நறுக்குவது, புளி ஊற வைப்பது, பருப்பு வேக வைப்பது எட்டு ஒன்பது மணிக்குள். பாயசமும் சாம்பாரின் முதல் பாதியும் பத்து மணியளவில், தணலில் சூடாக இருக்கும்படி. பொரியல் பதினொன்றுக்கு. சோறு பதினொன்றேகாலிலிருந்து அண்டா அண்டாவாக. கூட்டுக்குக் காயும் பருப்பும் தயாராக இருக்கட்டும், தேங்காய் அரைத்த விழுதை மட்டும் அந்தந்தப் பந்திக்கு முன்னால், அளந்து எடுத்த பாத்திரத்தில் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். சாம்பாரின் மறுபாதி ஒரு மணிக்கு. தயிரைக் கடைந்து மோராக்குவது பரிமாறும்போதுதான்.

பாத்திரத்தையும் ஒரு கண் பாருங்கள். கோயில் அறையில் கிடக்கும் பழைய பித்தளை அண்டாக்களில் ஈயம் போயிருந்தால் உள்ளே மஞ்சளாகப் பளபளக்கும், இல்லை பச்சைக் களிம்பு தெரியும். அதில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் நிரப்பி வைக்கப் பயன்படட்டும்.

கோயில் விழாவில் உணவு வழங்குவதும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவுக்கு உட்பட்டதுதான். நாளைக்கு விழா என்று இன்றைக்கு ஓடாமல், முன்பே பதிந்துவிடுங்கள்.

பந்தி நகரவே மாட்டேன் என்கிறது

40 நிமிடத்தில் முடிய வேண்டியது 55 நிமிடம் ஆகிறது. ஐந்து பந்திக்கு ஒன்றேகால் மணி நேரம் கூடிவிடும். மேலே சொன்ன சோற்றுக் கணக்கும் சூட்டுக் கணக்கும் அதோடு குலையும்.

ஒரு மூலையில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். சாப்பிடுகிறவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அநேகமாக, சோறு விழுந்துவிட்டது, சாம்பார் வரவில்லை. சாம்பார் வாளிக்காரர் வாளி காலியானதும் கொட்டகை வரை நடந்து, அங்கே நிரப்பக் காத்திருந்து, திரும்பி வருகிறார். அவர் வருவதற்குள் ‘அண்ணே, சாம்பார்!’ என்று நாலு பக்கமும் குரல். ஆளைக் கூட்டினாலும் இது தீராது, நடையைக் குறைத்தால் தீரும். பந்தலின் தலைமாட்டில் ஒரு மேஜை போட்டு, சோறும் சாம்பாரும் ரசமும் பெரிய பாத்திரத்தில் அங்கே வந்து நிற்கட்டும். கொட்டகையிலிருந்து மேஜைக்குச் சுமக்க இருவர், மேஜையிலிருந்து இலைக்கு மற்றவர்கள். வரிசைக்கு 25 இலைக்கு மேல் வேண்டாம், எதிரெதிர் வரிசைக்கு நடுவில் இருவர் வாளியோடு விலகிப் போக இடம் விடுங்கள். 50 இலைக்கு ஒரு சோற்றுக்காரர், அவர் பின்னாலேயே ஒரு சாம்பார்க்காரர் என்று ஜோடியாக அனுப்பினால் சோறு ஆறிப்போவதில்லை.

உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம் ஆகியவை ஆட்கள் உட்காருவதற்கு முன்பே இலையில் இருக்கலாம். கூட்டையும் பாயசத்தையும் உட்கார்ந்த பிறகு வையுங்கள். முன்பே வைத்தால் ஓடும், ஈ மொய்க்கும்.

வாசலில் தள்ளுமுள்ளு

வெளியே நிற்கிறவர் தள்ளுவதற்குப் பசியைவிடப் பெரிய காரணம், தனக்குக் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று தெரியாததுதான். அதைச் சொல்லிவிட்டால் பாதிக் கூட்டம் நிழலில் போய் உட்கார்ந்துவிடும். பந்திக்கு ஒரு நிறமாக, ஒவ்வொரு நிறத்திலும் 200 டோக்கன் அடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் 12 மணி, பச்சை 12.40, சிவப்பு 1.20 என்று வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். டோக்கனை வாசலில் கொடுக்காதீர்கள், அங்கேயே நெரிசல் விழும். செருப்பு விடும் இடத்துக்கு அருகிலோ, பிரகாரத்தை விட்டு வெளியேறும் பாதையிலோ கொடுங்கள். கடைசி நிறம் தீரும்போது ஆறாவது அண்டா ஏற்றியாயிற்றா என்று கொட்டகையில் கேட்டுவிட்டு அடுத்த கட்டைப் பிரியுங்கள்.

அடுத்த பந்திக்காரர்கள் 200 பேர் உட்காரக் கயிறு கட்டிய ஒரு இடம் வேண்டும், நிழலோடு, குடிதண்ணீரோடு. பந்தலுக்குள் போகும் வழி ஒன்று, வெளியேறும் வழி எதிர்ப் பக்கம். கை கழுவும் குழாய் வெளியேறும் வழிக்கு வெளியே, நாலு தப்படி தள்ளி இருக்க வேண்டும். வாசலிலேயே குழாய் வைத்தால் கை கழுவ நிற்கும் வரிசை பந்தலுக்குள் நீளும், உள்ளே எழுந்தவர்கள் வெளியேற முடியாது.

இலை எடுத்துத் துடைத்து, புது இலை போட்டு, தண்ணீர் வைத்து முடிக்கும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ‘பாதி இடம் காலியாத்தானே இருக்கு, விடுங்க’ என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். அவருக்குப் பதில் சொல்லக் கயிற்றண்டை சின்னப் பையனை நிறுத்தாதீர்கள், அவர் பேச்சைக் கேட்டு அவிழ்த்துவிடுவான். ஊரில் அவருக்கு இணையான மரியாதை உள்ள ஒருவரை நிறுத்துங்கள். முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நிற்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு பந்தியிலும் முதல் வரிசை 25 இலையை டோக்கன் இல்லாமல் ஒதுக்கி, பக்கவாட்டு வழியாக முன்னதாகவே உட்கார வைத்துவிடலாம். அந்த 25ஐக் கழித்து நிறத்துக்கு 175 டோக்கன் அடித்தால் கணக்கு சரியாக வரும்.

எல்லாம் முடிந்தது, ஒன்றரை அண்டா மிச்சம்

இரண்டாம் பந்தியிலேயே மஞ்சள், பச்சை டோக்கன்கள் திரும்பி வராமல் இருப்பதைப் பார்த்திருந்தால் ஐந்தாவது அண்டாவையே பாதியாகப் போட்டிருக்கலாம். இனி, வடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பாருங்கள். இன்னும் ஆவி வரும் சோறு என்றால் பரிமாறியவர்கள், பந்தல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் உட்காரட்டும், பக்கத்துத் தெருக்களுக்கும் உடனே அனுப்பலாம். வாங்குகிறவர்களிடம் ‘இப்போதே சாப்பிட்டுவிடுங்கள், ராத்திரிக்கு வைக்காதீர்கள்’ என்று சொல்லியே கொடுங்கள். ஆறிப்போன கூட்டும் சாம்பாரும் யாருக்கும் வேண்டாம். பிரிக்காத சிப்பங்கள் அன்று மாலையே கடைக்குத் திரும்பட்டும், பந்திவாரியாகப் போட்ட இலை எண்ணிக்கையையும் ஏற்றிய அண்டா எண்ணிக்கையையும் கோயில் கணக்கு நோட்டில் எழுதிவிடுங்கள், அடுத்த வருஷத்துக்கு எட்டா ஏழா என்று விவாதம் பண்ண வேண்டியிருக்காது.